அடி வரிசையை எண்ணினால் போதும்

மார்ச் மாதக் கடைசியில் பைப் கடைக் குடோன்களில் ஸ்டாக் எடுப்பார்கள். முழங்கைக் குழாய், டீ, வால்வு போன்ற சில்லறைச் சாமான்களை அட்டைப் பெட்டியோடு எண்ணிவிடலாம். நீளமான பைப்புகள்தான் தொல்லை. ஆறு மீட்டர் நீளத்தில் கீழே அகலமாகவும் மேலே கூம்பாகவும் அடுக்கிவைத்திருப்பார்கள். முன்னால் நின்று பார்த்தால் வட்ட வட்டமாக வாய்கள் மட்டும் தெரியும். சாக்பீஸை எடுத்து ஒவ்வொரு வாயிலும் புள்ளி வைத்துக்கொண்டே எண்ணுவது ஒரு வழி. நடுவில் யாராவது கூப்பிட்டால் திரும்ப ஒன்றிலிருந்துதான் தொடங்க வேண்டும். பழகிய கடைக்காரர் அப்படி எண்ணுவதில்லை. குனிந்து அடி வரிசையை மட்டும் எண்ணுவார். பன்னிரண்டு இருந்தால், மொத்தம் 78 என்று எழுதிக்கொண்டு அடுத்த அடுக்குக்குப் போய்விடுவார்.

அவர் போட்ட கணக்கு இதுதான்: அடி வரிசை எண்ணை அதற்கு அடுத்த எண்ணால் பெருக்கி, பாதியாக்க வேண்டும். 12 × 13 = 156, அதில் பாதி 78. பள்ளிக்கூடத்தில் இதை n(n + 1)/2 என்று படித்திருப்போம். ஒன்று முதல் பன்னிரண்டு வரை கூட்டினால் வரும் தொகை அது. ஆனால் பைப் அடுக்கைப் பொறுத்தவரை சூத்திரத்தைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. ஒவ்வொரு வரிசையிலும் ஏன் சரியாக ஒன்று குறைகிறது? அதற்கு விடை தெரிந்தால்தான், இந்தக் கணக்கை எந்த அடுக்கில் நம்பலாம், எதில் நம்பக் கூடாது என்பதும் தெரியும்.

உருண்டையான பைப், இன்னொரு பைப்பின் உச்சியில் நிற்காது. உருண்டுபோய் இரண்டு பைப்புகளுக்கு நடுவில் உள்ள பள்ளத்தில்தான் உட்காரும். தரையில் பன்னிரண்டு பைப்புகளை அருகருகே போட்டால் அவற்றுக்கு நடுவே எத்தனை பள்ளம்? பதினொன்று. அந்தப் பதினொன்றிலும் பைப் வைத்தால் இரண்டாம் வரிசை நிறைந்துவிடும். அதன் நடுவே பத்துப் பள்ளம். இப்படியே போய் உச்சியில் ஒரு பைப்போடு அடுக்கு முடியும். ஆக, அடுக்குபவர் நினைத்து ஒன்று குறைப்பதில்லை. பள்ளங்களின் எண்ணிக்கைதான் அடுத்த வரிசையைத் தீர்மானிக்கிறது. பைப் அரை அங்குலமா ஆறு அங்குலமா என்பதற்கும் இதில் வேலை இல்லை.

பெருக்கிப் பாதியாக்குவது ஏன் என்பதையும் பைப்பை வைத்தே பார்த்துவிடலாம். இதே போன்ற இன்னொரு அடுக்கைத் தலைகீழாகக் கவிழ்த்து முதல் அடுக்கின் பக்கத்தில் ஒட்டவைப்பதாகக் கற்பனை செய்யுங்கள். நிஜத்தில் அப்படி நிற்காது, காகிதத்தில் வட்டம் வரைந்து பார்க்கலாம். முதல் அடுக்கின் அடி வரிசைப் பன்னிரண்டோடு கவிழ்த்த அடுக்கின் உச்சிப் பைப் ஒன்று வந்து சேரும்: பதின்மூன்று. அதற்கு மேல் பதினொன்றோடு இரண்டு: அதுவும் பதின்மூன்று. உச்சியில் ஒன்றோடு பன்னிரண்டு: மறுபடியும் பதின்மூன்று. சாய்ந்த நாற்கரம் ஒன்று கிடைக்கிறது. அதில் பன்னிரண்டு வரிசை, வரிசைக்குப் பதின்மூன்று பைப். மொத்தம் 156. அதில் நம்முடையது பாதிதான்.

இந்த ஒட்டவைக்கும் யோசனை நம் பக்கத்தில் பழையது. ஆரியபட்டர் தன் ஆரியபட்டீயத்தின் கணிதப் பகுதியில், முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் கூட்டி வரிசைகளின் எண்ணிக்கையில் பாதியால் பெருக்கச் சொல்கிறார். கி.பி. 499இல் தனக்கு வயது 23 என்று அதே நூலில் அவர் தரும் குறிப்பு இருப்பதால் காலம் ஓரளவு தெளிவாகத் தெரிகிறது. ஆனால் அவர் விதியை மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடுவார், விளக்கம் தரமாட்டார். ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு கழித்துக் கேரளத்தின் நீலகண்ட சோமயாஜி அந்நூலுக்கு எழுதிய உரையில், படிப்படியாகக் குறையும் உருவத்தை வரைந்து, அதைப் போன்ற இன்னொன்றைத் திருப்பி ஒட்டி, இரண்டும் சேர்ந்து முழுச் செவ்வகம் ஆவதைக் காட்டுகிறார். பைப்பைக் கவிழ்த்து நாம் செய்ததும் அதுவே. நம் உருவம் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

கடையில் உச்சி வரை கூம்பாக நிற்கும் அடுக்கு அபூர்வம். வியாபாரம் நடக்க நடக்க மேலிருந்து பைப் போய்க்கொண்டே இருக்கும். இடம் குறைவென்றால் முதலிலேயே பாதி உயரத்தில் நிறுத்திவிடுவார்கள். அப்போது முக்கோணத்தின் தலை வெட்டுப்பட்டது போல இருக்கும். அடியில் 15, மேல் வரிசையில் 6 என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் கூட்டினால் 21. இதை வரிசைகளின் எண்ணிக்கையால் பெருக்கிப் பாதியாக்க வேண்டும்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். எத்தனை வரிசை என்பதற்கு 15இலிருந்து 6ஐக் கழித்து 9 என்று எழுதிவிடுவார்கள். விரலை மடக்கிப் பாருங்கள்: 15, 14, 13, 12, 11, 10, 9, 8, 7, 6. பத்து வரிசை. கழித்து வருவது வரிசைகளின் எண்ணிக்கை அல்ல. ஒரு வரிசையிலிருந்து அடுத்ததற்கு எத்தனை முறை ஏறினோம் என்பதைத்தான் கழித்தல் சொல்கிறது. ஆகவே கழித்த பிறகு ஒன்று கூட்டிக்கொள்ள வேண்டும். 21 × 10 = 210, பாதி 105. இதுதான் சரி.

9 என்று போட்டவருக்கு என்ன வரும்? 21 × 9 = 189, பாதி 94½. அரைப் பைப் எந்த அடுக்கிலும் இருக்காது. எங்கோ பிசகு என்று கணக்கே காட்டிக்கொடுத்துவிடுகிறது. ஆனால் இந்த எச்சரிக்கை மணி எப்போதும் அடிக்காது. அடியில் 15, மேலே 7 என்றால் வரிசை ஒன்பது. கூட்டுத்தொகை 22, ஒன்பதால் பெருக்கிப் பாதியாக்கினால் 99. ஒன்று கூட்ட மறந்து எட்டால் பெருக்கினால் 88 என்று நல்ல முழு எண்ணே வரும். பார்த்தால் சந்தேகமே வராது, பதினோரு பைப் மட்டும் கணக்கில் காணாமல் போயிருக்கும். அடி, மேல் இரண்டும் ஒற்றைப்படையாகவோ இரண்டும் இரட்டைப்படையாகவோ இருக்கும்போது தவறு இப்படி ஒளிந்துகொள்ளும். ஒன்று ஒற்றையும் மற்றது இரட்டையுமாக இருந்தால் மட்டுமே அரைப் பைப் எட்டிப்பார்க்கும்.

எனவே தலை வெட்டுப்பட்ட அடுக்குக்கு இன்னொரு வழியில் சரிபார்ப்பது நல்லது. முழு முக்கோணமாக இருந்தால் எத்தனை என்று போட்டு, இல்லாத தலையைக் கழிக்கலாம். அடி 15க்கு முழு அடுக்கு 15 × 16, பாதி 120. மேல் வரிசையில் 7 நிற்பதால், இல்லாத தலையின் அடி வரிசை 6. அது 6 × 7, பாதி 21. 120இலிருந்து 21 போனால் 99. இரண்டு வழியும் ஒத்துப்போகிறது. மேல் வரிசை நிறையாமல் இரண்டு மூன்று பைப் மட்டும் கிடந்தால் அவற்றை ஒதுக்கிவிட்டு, நிறைந்த வரிசை வரை கணக்குப் போட்டு, பிறகு அவற்றைக் கூட்டிக்கொள்வதே குழப்பமில்லாத வழி.

இனி, கணக்கு எப்போது பொய்யாகும் என்பதற்கு வருவோம். பள்ளத்தை மறக்காமல் இருந்தால் இது எளிது.

அடி வரிசைப் பைப்புகள் ஒன்றையொன்று தொடாமல் கொஞ்சம் விலகிக் கிடந்தால் எண்ணிக்கை மாறுமா? மாறாது. விலகிக் கிடந்தாலும் பன்னிரண்டு பைப்புக்கு நடுவே பதினோரு இடைவெளிதான். மேல் பைப்புகள் சற்று ஆழமாக இறங்கி உட்காரும். அதனால் உயரம்தான் மாறும். 110 மில்லிமீட்டர் பி.வி.சி. பைப்பை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நெருக்கமாக அடுக்கினால், முதல் வரிசைக்கு முழு விட்டமான 11 சென்டிமீட்டர், அதற்கு மேல் ஒவ்வொரு வரிசைக்கும் ஏறக்குறைய 9½ சென்டிமீட்டர் உயரும். தொட்டுக்கொண்டிருக்கும் மூன்று பைப்புகளின் நடுப்புள்ளிகள் சமபக்க முக்கோணமாக அமைவதால், விட்டத்தில் 0.866 பங்குதான் ஒரு வரிசை ஏற்றம். பன்னிரண்டு வரிசைக்கு மொத்த உயரம் சுமார் 116 சென்டிமீட்டர். அதே பைப்புகளை அடியில் மூன்று சென்டிமீட்டர் இடைவெளி விட்டுப் போட்டால் ஒரு வரிசைக்கு 8½ சென்டிமீட்டர்தான் ஏறும், அடுக்கு ஏறக்குறைய 104 சென்டிமீட்டரில் முடிந்துவிடும். உயரத்தைக் கண்ணால் பார்த்து மதிப்பிடுபவர் இந்த இரண்டாவது அடுக்கில் ஒரு வரிசை குறைவென்று நினைப்பார். இரண்டிலும் இருப்பது அதே 78தான்.

விலகல் ஒரு பைப்பின் விட்டம் அளவுக்குப் போய்விட்டால் மேல் பைப் நேராகத் தரைக்கே இறங்கிவிடும். அப்போது அது அடுக்கே அல்ல.

நடுவில் ஒரு பள்ளம் காலியாக விடப்பட்டால் என்ன ஆகும் என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம். அடியில் பன்னிரண்டு, இரண்டாம் வரிசையில் பதினோரு இடம். அதில் ஐந்தாவது இடத்தில் மட்டும் பைப் வைக்கவில்லை. ஒன்றுதானே குறைந்தது, மொத்தம் 77 என்று எழுதத் தோன்றும். ஆனால் அந்த ஒரு காலி இடம் தன் இரு புறமும் உள்ள பள்ளங்களைக் கெடுத்துவிடுகிறது. ஒரு பக்கம் மட்டும் தாங்கல் உள்ள இடத்தில் பைப் நிற்காது. ஆகவே மூன்றாம் வரிசையில் இரண்டு இடம் போகும், நான்காவதில் மூன்று போகும். ஓட்டை மேலே போகப் போக விரிந்துகொண்டே போகும். இடப் பக்கம் நான்கு பைப்பை அடியாகக் கொண்ட சிறு முக்கோணமும், வலப் பக்கம் ஆறு பைப்பை அடியாகக் கொண்ட இன்னொரு முக்கோணமும்தான் மிஞ்சும். முதலாவதில் 10, இரண்டாவதில் 21, கீழே 12, ஆக மொத்தம் 43. ஒரு பைப்பை வைக்காமல் விட்டதில் 35 பைப்புக்கான இடம் போய்விட்டது. தூரத்திலிருந்து பார்க்கையில் ஒற்றைச் சிகரத்துக்குப் பதில் இரட்டைச் சிகரம் தெரிந்தால் இதுதான் காரணம். அப்போது ஒவ்வொரு சிகரத்தையும் தனியாக எண்ணிக் கூட்ட வேண்டும்.

பக்கவாட்டில் கம்பம் நட்டு அதற்குள் அடுக்கும் முறை இன்னொரு பொறி. கம்பமோ லாரியின் பக்கப் பலகையோ இருந்தால் ஓரப் பைப் உருண்டு விழாது. அதனால் மூன்றாம் வரிசையில் ஓரத்துப் பைப் ஒரு பக்கம் கம்பத்தில் சாய்ந்துகொண்டு நிற்கும். வரிசைகள் 12, 11, 12, 11 என்று மாறி மாறி வரும். இப்படிப் பன்னிரண்டு வரிசை இருந்தால் இரண்டு வரிசைக்கு 23 வீதம் ஆறு முறை, மொத்தம் 138. அடி வரிசையை மட்டும் எண்ணி 78 என்று எழுதியவர் அறுபது பைப்பைக் கோட்டை விட்டிருப்பார். அடையாளம் காண்பது கடினமில்லை. அடுக்கின் ஓரம் சரிவாக ஏறினால் முக்கோணக் கணக்கு. செங்குத்தாக ஏறினால் இந்த மாற்று வரிசைக் கணக்கு.

பி.வி.சி. பைப்பில் ஒரு முனை சாக்கெட்டாக விரிந்திருக்கும் என்பதும் கவனிக்க வேண்டியது. எல்லாச் சாக்கெட்டும் ஒரே பக்கம் வந்தால் அந்தப் பக்கம் மட்டும் உயர்ந்து அடுக்கு கோணிவிடும். அதனால் ஒரு வரிசைக்கு இப்பக்கமும் அடுத்த வரிசைக்கு அப்பக்கமுமாகத் திருப்பிப் போடுவார்கள். முன்னால் நிற்பவருக்கு ஒன்றுவிட்டு ஒரு வரிசையின் அகன்ற வாய்கள்தான் எடுப்பாகத் தெரியும், மற்றவை உள்ளே தள்ளி இருக்கும். வெளிச்சம் குறைந்த குடோனில் வரிசைகளை மேலோட்டமாக எண்ணினால் பாதிதான் கண்ணில் படும். இதைவிடப் பெரிய ஏமாற்று, பைப்புக்குள் பைப். லாரியில் இடத்தை மிச்சப்படுத்த 110 மில்லிமீட்டர் பைப்புக்குள் 75 மில்லிமீட்டர் பைப்பைச் செருகி அனுப்புவதுண்டு. வெளி வாயை எண்ணும் எந்தச் சூத்திரமும் உள்ளே இருப்பதைச் சொல்லாது. டார்ச் அடித்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

எண்ணுவது போலவே அடுக்குவதற்கும் கணக்கு வேண்டும். லோடு வந்து இறங்கும்போது கேள்வி தலைகீழாக வரும்.

“அண்ணே, நூறு பைப் இருக்கு. அடியில எத்தனை போட?”

“பதினாலு போடுப்பா.”

கடைக்காரர் மனதில் ஓடியது இது: நூறை இரண்டால் பெருக்கினால் இருநூறு. அடுத்தடுத்த எந்த இரண்டு எண்களைப் பெருக்கினால் இருநூறைத் தொடும்? 13 × 14 = 182, போதாது. 14 × 15 = 210, போதும். எனவே அடியில் பதினான்கு. முழு அடுக்கு 105 வரும். நம்மிடம் ஐந்து குறைவு, ஆகவே உச்சி மொட்டையாக நிற்கும். அடியில் 14இலிருந்து 4 வரை பதினொரு வரிசை நிறைந்தால் 99. மிச்சம் ஒன்றை மேலே வைத்துவிட்டால் நூறு. அடியில் பதின்மூன்று போட்டிருந்தால் 91இல் உச்சி முடிந்திருக்கும், ஒன்பது பைப் கையில் நிற்கும். அவற்றுக்காக ஓரத்தில் ஒரு பைப்பைப் போட்டு, சரிவு வழியாக அடுக்கை நீட்ட வேண்டியிருக்கும். ஓர ஆப்பைக் கழற்றாமல் அதைச் செய்ய முடியாது.

ஆரியபட்டர் இந்தத் தலைகீழ்க் கேள்விக்கும் விதி தருகிறார். அது எந்தச் சீரான ஏறுவரிசைக்கும் பொருந்துவது. நம் அடுக்குக்கு அதைச் சுருக்கினால் இப்படி வரும்: மொத்தத்தை எட்டால் பெருக்கி ஒன்று கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, அதில் ஒன்று கழித்துப் பாதியாக்க வேண்டும். 78ஐ எட்டால் பெருக்கினால் 624. ஒன்று கூட்டினால் 625. அதன் வர்க்கமூலம் 25. ஒன்று போக 24, பாதி 12. நமது பழைய அடி வரிசை திரும்பி வந்துவிட்டது. வர்க்கமூலம் முழு எண்ணாக வராவிட்டால் அந்த எண்ணிக்கையில் உச்சி வரை நிறைந்த முக்கோணம் அமையாது என்று பொருள். நூறுக்கு 801 வரும், அதற்கு முழு வர்க்கமூலம் கிடையாது.

ஆப்பு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். பள்ளத்தில் உட்கார்ந்த ஒவ்வொரு பைப்பும் தன் கீழே உள்ள இரண்டையும் விலக்கித் தள்ளிக்கொண்டே இருக்கிறது. நடுவில் இருப்பவற்றுக்கு இரு பக்கத் தள்ளலும் ஒன்றையொன்று ஈடுகட்டும். அடி வரிசையின் இரண்டு ஓரப் பைப்புகளுக்கு மட்டும் வெளிப்பக்கம் தாங்கல் இல்லை. மொத்த அடுக்கின் விலக்கல் அங்கே வந்து சேர்வதால்தான் அந்த இரண்டுக்கும் மட்டும் மரக்கட்டை ஆப்பு வைக்கிறார்கள். ஸ்டாக் எடுக்கும்போது வசதிக்காக ஆப்பைத் தள்ளிவைப்பது, அடியிலிருந்து ஒன்றை உருவுவது, எண்ணுவதற்காக அடுக்கின் மேல் ஏறுவது, மூன்றுமே அடுக்கைச் சரித்துவிடும். இரும்புப் பைப் அடுக்கு சரிந்தால் காலோடு போகும். அடி வரிசையை எண்ணிக் கணக்குப் போடுவதில் உள்ள பெரிய வசதி, அடுக்கைத் தொடவே வேண்டாம் என்பதுதான்.

இரும்புப் பைப்புகள் ஆலையிலிருந்து வரும்போது பெரும்பாலும் முக்கோணமாக வருவதில்லை. பட்டைக் கம்பியால் இறுக்கிய அறுகோணக் கட்டுகளாக வரும். அதற்கும் புதிய கணக்கு தேவையில்லை. கட்டின் ஒரு பக்கத்தில் நான்கு பைப் இருந்தால், வரிசைகள் 4, 5, 6, 7, 6, 5, 4 என்று இருக்கும். நடுவில் உள்ள ஏழோடு மேல் பாதியைப் பிரித்துப் பார்த்தால் அது தலை வெட்டுப்பட்ட முக்கோணம்: அடி 7, மேல் 4, வரிசை நான்கு, ஆக 22. கீழ்ப் பாதியைக் கவிழ்த்துப் பார்த்தால் அடி 6, மேல் 4, வரிசை மூன்று, ஆக 15. கட்டில் மொத்தம் 37 பைப். பக்கத்துக்கு ஐந்து இருந்தால் 61, ஆறு இருந்தால் 91. கட்டின் மேல் தொங்கும் அட்டையில் இந்த எண்களில் ஒன்று இல்லாமல் 60 என்றோ 90 என்றோ எழுதியிருந்தால், ஓரத்தில் ஓர் இடம் காலியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடலாம்.